பத்து மார்க் நெடுவினாவை அ, ஆ, இ, ஈ எனப் பிரித்த பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி

"மனித இதயத்தின் அமைப்பையும் அதன் வழியே இரத்தம் செல்லும் பாதையையும் விளக்குக. (10)"

பத்தாம் வகுப்பு அறிவியல் எடுக்கிறவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு வருஷம் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்போம். நானும் பல வருஷம் கேட்டேன். விடைத்தாள் கையில் வந்ததும் என்ன நடக்கும் என்பதும் தெரியும். ஒரு பிள்ளை மூன்று பக்கம் எழுதியிருக்கும், ஆனால் பாதி இரத்தத்தின் கூறுகளைப் பற்றி இருக்கும். இன்னொரு பிள்ளை படத்தை மட்டும் அழகாக வரைந்து பாகங்களைக் குறித்துவிட்டு நிறுத்தியிருக்கும். இரண்டுக்கும் எவ்வளவு போடுவது என்று நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கும். அதனால்தான் பலரும் இதை உட்பிரிவுகளாக உடைக்கிறோம். உடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். ஆனால் உடைத்த விதம் தவறாக இருந்தால் பழைய சிக்கல் போய்ப் புதுச் சிக்கல் வருகிறது, அது மதிப்பெண் பட்டியலில் ஒழுங்காகத் தெரிவதால் கண்ணிலும் படுவதில்லை.

நான் ஒரு அலகுத் தேர்வுக்கு முதன்முதலில் உடைத்த வடிவம் இது. இதை வைத்துக்கொண்டே அறிகுறிகளைப் பார்ப்போம்.

அ) மனித இதயத்தில் உள்ள அறைகள் எத்தனை? அவற்றின் பெயர்களை எழுதுக. (2)
ஆ) வலது ஆரிக்கிளில் தொடங்கி பெருந்தமனி வரை இரத்தம் செல்லும் பாதையை எழுதுக. (3)
இ) இதய வால்வுகளின் பணி யாது? (1)
ஈ) இரண்டு வென்ட்ரிக்கிள்களில் எதன் சுவர் தடிமனானது? (1)
உ) உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பும் இடது வென்ட்ரிக்கிளின் சுவர் தடித்திருப்பது ஏன்? (3)

கூட்டினால் 10 வருகிறது. பார்க்கவும் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் ஐந்தில் நான்கு உட்பிரிவுகளில் கோளாறு இருக்கிறது. எந்த அறிகுறி எங்கே இருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகப் போகலாம்.

அறிகுறி: படிக்காத பிள்ளையும் ஒரு உட்பிரிவில் தவறாமல் முழு மார்க் வாங்குகிறது

என் வகுப்பில் 38 பேர் எழுதினார்கள். (ஈ)-யில் தவறு செய்தவர்கள் இரண்டே பேர். அதே பிள்ளைகளிடம் ஒரு வாரம் கழித்து வாய்மொழியாகக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை, (ஈ)-யின் விடை (உ)-வின் கேள்வியிலேயே அச்சாகியிருக்கிறது. "இடது வென்ட்ரிக்கிளின் சுவர் தடித்திருப்பது ஏன்" என்று நானே சொல்லிவிட்டேன்.

இன்னும் மோசம் என்னவென்றால் (உ) தன் விடையையும் தானே சொல்லிவிடுகிறது. "உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பும்" என்ற அடைமொழியைக் கேள்வியில் போட்டுவிட்டு, ஏன் தடித்திருக்கிறது என்று கேட்டால் பிள்ளை என்ன எழுதும்? "இடது வென்ட்ரிக்கிள் உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்புவதால் அதன் சுவர் தடித்துள்ளது." கேள்வியின் சொற்களையே திருப்பிப் போட்டிருக்கிறது. நானும் மூன்றுக்கு இரண்டு போட்டேன். அந்த இரண்டும் எதை அளந்தது என்று கேட்டால் தமிழ் வாக்கியத்தை மாற்றி அமைக்கும் திறமையைத்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. கேள்வியை எழுதி முடித்ததும் மேலிருந்து கீழாகப் படிக்காமல் கடைசி உட்பிரிவில் இருந்து மேலே படித்துக்கொண்டு வாருங்கள். பிள்ளைகள் பலர் முழுக் கேள்வியையும் படித்துவிட்டுத்தான் எழுதத் தொடங்குவார்கள், அதனால் கீழே இருப்பது மேலே உள்ளதற்கு உதவும். ஒவ்வொரு உட்பிரிவையும் படிக்கும்போது, இதில் நான் கொடுத்துவிட்ட தகவல் என்னென்ன என்று பென்சிலால் அடிக்கோடு போடுங்கள். அடிக்கோடு போட்ட எதுவும் விடைக்குறிப்பில் மார்க் பெறும் வரியாக இருக்கக் கூடாது. இருந்தால் அந்த மார்க் கசிந்துவிட்டது.

சரி, கசிவை அடைப்பது எப்படி? பெயருக்குப் பதிலாக எண் கொடுப்பதுதான் எனக்குச் சரியாக வந்தது. இதயத்தின் படத்தைக் கொடுத்து நான்கு அறைகளுக்கும் 1, 2, 3, 4 என்று எண் போட்டுவிட்டால் பெயர் சொல்லாமலேயே கேள்வி கேட்கலாம். ஆனால் இங்கேயும் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். வலது ஆரிக்கிளுக்கு 1, வலது வென்ட்ரிக்கிளுக்கு 2, இடது ஆரிக்கிளுக்கு 3, இடது வென்ட்ரிக்கிளுக்கு 4 என்று இயல்பாகக் கை போட்டுவிட்டது. அப்படிப் போட்டால் இரத்தம் செல்லும் வரிசையே 1, 2, 3, 4 ஆகிவிடுகிறது, எதுவும் தெரியாத பிள்ளையும் அதையே எழுதிவிட்டுப் போகும். அதனால் எண்களைக் கலைத்துப் போட்டேன்: இடது வென்ட்ரிக்கிள் 1, வலது ஆரிக்கிள் 2, இடது ஆரிக்கிள் 3, வலது வென்ட்ரிக்கிள் 4. இப்போது வரிசை 2, 4, நுரையீரல், 3, 1 என்று வரும். ஊகித்து எழுத முடியாது.

அறிகுறி: ஒரே விடைத்தாளுக்கு இரண்டு பேர் இரண்டு விதமாக மார்க் போடுகிறார்கள்

நெடுவினாவில் இது வரத்தான் செய்யும். உடைத்த பிறகும் வந்தால், உடைத்தது பெயரளவில் மட்டும்தான் என்று அர்த்தம். என் (ஆ)-வைப் பாருங்கள். வலது ஆரிக்கிளில் தொடங்கி பெருந்தமனி வரை பாதையை எழுதினால் எத்தனை நிலைகள் வருகின்றன என்று எண்ணலாம்: வலது ஆரிக்கிள், மூவிதழ் வால்வு, வலது வென்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி, நுரையீரல், நுரையீரல் சிரை, இடது ஆரிக்கிள், ஈரிதழ் வால்வு, இடது வென்ட்ரிக்கிள், பெருந்தமனி. அரைச்சந்திர வால்வுகளை விட்டாலே 10 நிலைகள். மார்க்கோ 3. ஒரு பிள்ளை வால்வுகளை விட்டுவிட்டு மற்றதைச் சரியாக எழுதினால் எவ்வளவு? ஒரு குழாயின் பெயரை மட்டும் மாற்றி எழுதினால்? அறைகள் எல்லாம் சரி, குழாய்கள் எதுவும் இல்லை என்றால்? என் பக்கத்து வகுப்பு ஆசிரியையும் நானும் தாள்களை மாற்றித் திருத்தியபோது, வால்வு இல்லாத விடைக்கு அவர் 2 போட்டார், நான் 3 போட்டேன். இரண்டு பேரிடமும் காரணம் இருந்தது, கேள்வியில்தான் விடை இல்லை.

பிழை எங்கே என்றால், நான் கேள்வியை உடைத்தேன், விடையை உடைக்கவில்லை. முதலில் செய்ய வேண்டியது, பழைய நெடுவினாவுக்கு ஒரு நல்ல பிள்ளை எழுதக்கூடிய விடையை நாமே உட்கார்ந்து முழுதாக எழுதுவது. கீ-யில் போடுகிற மாதிரி "அறைகள், வால்வு, பாதை" என்று தலைப்பு மட்டும் எழுதினால் போதாது, வாக்கியமாக எழுத வேண்டும். அப்புறம் அந்த விடையில் ஒரு மார்க்குக்குத் தகுதியான ஒவ்வொரு கருத்துக்கும் பக்கத்தில் ஒரு டிக் போட வேண்டும். இந்த இதயக் கேள்விக்கு நான் எழுதியபோது 14 டிக் வந்தது. கேள்வி 10 மார்க்குக்கு. ஆக, நான்கை விட்டே ஆக வேண்டும். அதை நாம் விடாவிட்டால் திருத்துகிறவர் விடுவார், ஒவ்வொருவர் ஒவ்வொன்றை விடுவார், அங்கேதான் 2-க்கும் 3-க்கும் சண்டை வருகிறது.

நான் விட்டது வால்வுகளை. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஏனென்றால் இதய அமைப்பு என்று சொல்லிவிட்டு வால்வைக் கேட்காமல் இருப்பதா என்று தோன்றும். ஆனால் அதே தாளில் இரண்டு மார்க் கேள்வி ஒன்றாக வால்வைத் தனியாகக் கேட்க இடம் இருந்தது, அங்கே நகர்த்தினேன். எதை விடுகிறோம் என்று தெரிந்து விடுவதும், மூன்று மார்க்குக்குள் பத்து நிலைகளை அமுக்குவதும் ஒன்றல்ல.

பாதையைக் கேட்கும் உட்பிரிவு கடைசியில் இப்படி வந்தது: "அறை 2-இல் நுழையும் இரத்தம் உடலுக்கு வெளியேறும் வரை செல்லும் வரிசையை அம்புக்குறி இட்டு எழுதுக. அறைகளை எண்ணால் குறித்தால் போதும். நுரையீரலுக்குச் செல்லும் குழாய், அங்கிருந்து திரும்பும் குழாய் ஆகிய இரண்டின் பெயர்களையும் எழுதுக. (3)" வரிசைக்கு 1, இரண்டு குழாய்களுக்கும் தலா 1. மூன்று மார்க்குக்கு மூன்று கருத்து. நுரையீரல் தமனியையும் நுரையீரல் சிரையையும் தனித்தனியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. தமனி என்றாலே ஆக்சிஜன் மிகுந்த இரத்தம் என்று மனப்பாடம் செய்த பிள்ளை சரியாக இந்த இடத்தில்தான் இரண்டையும் மாற்றி எழுதும். அதைத் தெரிந்துகொள்ள ஒரு மார்க் செலவழிப்பது தகும்.

அறிகுறி: ஒரே தவறுக்காக ஒரு பிள்ளை நான்கு மார்க் இழக்கிறது

இது எண்களைப் போட்ட பிறகு வந்தது. ஒரு பெண் பிள்ளை, வகுப்பில் நன்றாகப் பதில் சொல்லும் பிள்ளை, (அ)-வில் வலது ஆரிக்கிளை இடது என்றும் இடதை வலது என்றும் எழுதியிருந்தாள். அங்கேயே இரண்டு மார்க் போயிற்று. பாதையையும் தலைகீழாகத் தொடங்கியிருந்தாள், அங்கே இன்னும் போயிற்று. ஆனால் அவளுடைய பாதையைப் பொறுமையாகப் படித்துப் பார்த்தபோது, அவள் நினைத்த இடது வலதுக்கு அது நூறு சதவீதம் சரியாக இருந்தது. அவளுக்கு இரத்த ஓட்டம் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று: படத்தில் நம் இடது கைப் பக்கம் இருப்பது இதயத்தின் வலது பக்கம், ஏனென்றால் எதிரே நிற்கும் ஒருவரின் மார்பைப் பார்க்கிற மாதிரி வரையப்பட்ட படம் அது.

ஒரு பிழைக்கு ஒரு முறைதான் மார்க் போக வேண்டும். இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு, எந்த இடத்தில் எது என்று பார்த்துக் கொடுக்க வேண்டும்.

முதல் மருந்து, அடுத்த உட்பிரிவு தொடங்குவதற்கு முன் எல்லோரையும் ஒரே இடத்தில் நிறுத்துவது. கேள்வியின் தலைப்பகுதியிலேயே "உடலில் இருந்து திரும்பும் இரத்தம் முதலில் அறை 2-க்கு வருகிறது" என்று ஒரு வரி சேர்த்தேன். இதனால் பாதையை எங்கே தொடங்குவது என்ற குழப்பம் யாருக்கும் இல்லை. (அ)-வில் பெயர் தவறிய பிள்ளையும் (ஆ)-வில் எண்களை வைத்துச் சரியாக எழுத முடியும். அதோடு, யோசிக்கிற பிள்ளை இந்த வரியை வைத்தே 2 வலது ஆரிக்கிள் என்று (அ)-வையும் சரிபார்த்துக்கொள்ளும். அது கசிவாகாதா என்று கேட்கலாம். உடலில் இருந்து வரும் இரத்தம் வலது ஆரிக்கிளுக்குத்தான் போகும் என்று தெரிந்த பிள்ளைக்கு மட்டுமே அந்த வரி உதவும், தெரியாத பிள்ளைக்கு அது வெறும் வரி. அப்படிப்பட்ட உதவி தாராளமாக இருக்கலாம்.

இரண்டாவது மருந்து விடைக்குறிப்பில் இருக்கிறது. முந்தைய விடை தவறு, ஆனால் அந்தத் தவறான விடையில் இருந்து அடுத்தது முறையாக வந்திருக்கிறது என்றால் அடுத்ததற்கு மார்க் உண்டு என்று எழுதிவைப்பது. கணக்கில் இதை நாம் தயங்காமல் செய்கிறோம், ஒரு வரியில் பெருக்கலைத் தவறாகச் செய்த பிள்ளைக்கு மீதி வழிமுறைக்கு மார்க் கொடுக்கிறோம். உயிரியலில் ஏனோ செய்வதில்லை. ஆனால் இதைத் திருத்துகிறவர் மனசில் விட்டுவிடக் கூடாது, எந்த உட்பிரிவுக்கு, எந்த வரிக்கு என்று கீ-யில் எழுத்தில் இருக்க வேண்டும்.

அறிகுறி: மார்க் எல்லோருக்கும் ஏறிவிட்டது, ஆனால் யாருக்குப் புரிந்தது என்று தெரியவில்லை

நான் அதிகம் கவலைப்பட்டது இதற்குத்தான், அதனால் இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

பழைய நெடுவினாவில் ஆயிரம் குறை இருக்கலாம். ஆனால் அதில் ஒன்று இருந்தது. அமைப்பையும் பாதையையும் சேர்த்து எழுதும்போது, நல்ல பிள்ளை "இடது வென்ட்ரிக்கிள் பெருந்தமனி வழியாக உடல் முழுவதற்கும் அனுப்ப வேண்டியிருப்பதால் அதன் சுவர் தடித்திருக்கிறது" என்று தானாகவே ஒன்றை இன்னொன்றோடு கோத்து எழுதும். இப்படி எழுதிய பிள்ளையையும், பத்தி பத்தியாக மனப்பாடம் ஒப்பித்த பிள்ளையையும் நெடுவினா பிரித்துக் காட்டியது. நான் உடைத்தபோது நூலை அறுத்துவிட்டு மணிகளை மட்டும் தனித்தனியாக எண்ணிவிட்டேன். எத்தனை அறை, எந்த வால்வு, எது தடிமன், எல்லாமே ஒரு வரி ஞாபகம்.

உங்கள் கேள்வியில் இது நடந்திருக்கிறதா என்று பார்க்க, உட்பிரிவுகளைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கி எந்த வரிசையில் வைத்தாலும் எதுவும் கெடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கெடவில்லை என்றால் அது ஒரு கேள்வி இல்லை, ஒரே எண்ணின் கீழ் வந்த ஐந்து குறுவினாக்கள்.

சரிசெய்ய, கடைசி உட்பிரிவு ஒன்றை முந்தையவற்றின் மேல் நிற்கும்படி எழுத வேண்டும். புத்தகத்தில் வரி வரியாக இல்லாத ஒரு நிலைமையைக் கொடுத்து, புத்தகத்தில் படித்ததை வைத்துப் பதில் சொல்ல வைப்பது. இதயத்தில் இதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே இரண்டு வென்ட்ரிக்கிள்களுக்கும் இடையில் உள்ள சுவரில் துளை இருக்கும். "இதயத்தில் ஓட்டை" என்று ஊரில் எல்லோரும் கேள்விப்பட்டதுதான், பிள்ளைகளுக்கும் அது அந்நியம் இல்லை. அதை வைத்துக் கேட்டேன்:

ஈ) ஒரு குழந்தைக்குப் பிறவியிலேயே 1, 4 ஆகிய அறைகளுக்கு இடையிலுள்ள சுவரில் துளை உள்ளது. இவ்வறைகள் சுருங்கும்போது துளை வழியே இரத்தம் எந்த அறையில் இருந்து எந்த அறைக்குப் பாயும்? ஏன்? இதனால் நுரையீரலுக்குச் செல்லும் இரத்தத்தின் அளவு எவ்வாறு மாறும்? (3)

விடை: 1-இல் இருந்து 4-க்கு. 1 தடித்த சுவரால் அதிக அழுத்தத்தோடு சுருங்குவதால். ஆகவே 4-இல் இருந்து நுரையீரலுக்குப் போகும் இரத்தம் அதிகமாகும். ஓய்வில் இருக்கும் பெரியவர் ஒருவருக்கு இடது வென்ட்ரிக்கிள் சுருங்கும்போது அழுத்தம் ஏறத்தாழ 120 மி.மீ. பாதரசம், வலதில் ஏறத்தாழ 25 தான். குழந்தைக்கு எண்கள் குறையும், பிறந்து சில வாரங்களில் நுரையீரல் பக்கத்து அழுத்தம் இறங்கியபின் எந்தப் பக்கம் அதிகம் என்பது மாறாது. பிள்ளை இந்த எண்களை எழுத வேண்டியதில்லை, எந்தப் பக்கம் அதிகம் என்று தெரிந்தால் போதும்.

இதைத் திருத்தும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் "கெட்ட இரத்தம் நல்ல இரத்தத்தோடு கலந்து உடலுக்குப் போகும்" என்று எழுதினார்கள். கேட்க சரியாகத்தான் படும், எனக்கே முதலில் டிக் போடக் கை போயிற்று. ஆனால் அழுத்தம் குறைந்த 4-இல் இருந்து அழுத்தம் கூடிய 1-க்கு இரத்தம் தானாகப் பாயாது. சாதாரணமாக இந்த ஓட்டையில் முதலில் நடப்பது நேர் எதிர், ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் நுரையீரலுக்கே திரும்பிப் போகிறது. இரட்டைச் சுற்றோட்டத்தில் இரண்டு இரத்தமும் கலக்காது என்ற வரியை மனப்பாடம் செய்த பிள்ளை கலப்பைப் பற்றி மட்டும் எழுதும், சுவர் ஏன் தடித்திருக்கிறது என்று புரிந்த பிள்ளை திசையைச் சொல்லும். இந்த ஒரு உட்பிரிவு நெடுவினா செய்த வேலையைத் திருத்தத்தில் தகராறு இல்லாமல் செய்தது. கீ-யில் "கலக்கும் என்று மட்டும் எழுதினால் மார்க் இல்லை, திசை வேண்டும்" என்று தனி வரியாகவே எழுதிவிட்டேன்.

(ஈ) முந்தைய உட்பிரிவின் மேல் நிற்கிறதே, அப்படியானால் தொடர் பிழைச் சிக்கல் மறுபடி வராதா? வரும். தடிமனுக்குக் காரணம் கேட்கும் (இ)-யில் தவறியவர்களுக்கு (ஈ)-யும் போகலாம். இங்கே முதல் மருந்தைக் கொடுக்க முடியாது, "1-இல் அழுத்தம் அதிகம்" என்று (ஈ)-யில் எழுதினால் (இ)-யின் விடை கசிந்துவிடும். அதனால் இரண்டாவது மருந்துதான்: 4-இல் அழுத்தம் அதிகம் என்று ஒரு பிள்ளை தவறாக நினைத்து, அதற்கு ஏற்றபடி 4-இல் இருந்து 1-க்கு என்றும், நுரையீரலுக்குப் போவது குறையும் என்றும் எழுதினால், திசைக்கு மார்க் இல்லை, அழுத்தம் கூடிய இடத்தில் இருந்து குறைந்த இடத்துக்கு என்ற காரணத்துக்கு 1, அதற்குப் பொருந்திய விளைவுக்கு 1.

அறிகுறி: ஒரு மார்க்குக்கு அரைப் பக்கம், மூன்று மார்க்குக்கு ஒரு வரி

இது பெரும்பாலும் வினைச்சொல்லால் வருவது. "யாது", "எவை", "பெயரிடுக" என்றால் ஒரு சொல் அல்லது ஒரு தொடர். "காரணம் தருக", "ஏன்" என்றால் காரணமும் அதன் விளைவும். "விளக்குக" என்ற சொல்லை ஒரு மார்க் உட்பிரிவில் போடவே கூடாது, நம் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் பக்கக் கணக்கில் எழுதச் சொல்லிப் பழக்கியிருக்கிறோம். என் பழைய (உ)-வில் "ஏன்" என்று ஒற்றைச் சொல்லில் கேட்டுவிட்டு 3 மார்க் வைத்திருந்தேன், பிள்ளைகள் ஒரு வரி எழுதினார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. ஒரு காரணம் கேட்டேன், ஒரு காரணம் எழுதினார்கள். இப்போது அதை இரண்டு அறைகளையும் ஒப்பிட வைத்து இரண்டு மார்க்காகக் குறைத்துவிட்டேன்.

இத்தனை திருத்தத்துக்கும் பிறகு முழுக் கேள்வி இப்படி நின்றது:

படத்தில் மனித இதயத்தின் நான்கு அறைகள் 1, 2, 3, 4 என எண்ணிடப்பட்டுள்ளன. உடலில் இருந்து திரும்பும் இரத்தம் முதலில் அறை 2-க்கு வருகிறது.

அ) 2, 3 ஆகிய அறைகளின் பெயர்களை எழுதுக. (2)
ஆ) அறை 2-இல் நுழையும் இரத்தம் உடலுக்கு வெளியேறும் வரை செல்லும் வரிசையை அம்புக்குறி இட்டு எழுதுக. அறைகளை எண்ணால் குறித்தால் போதும். நுரையீரலுக்குச் செல்லும் குழாய், அங்கிருந்து திரும்பும் குழாய் ஆகிய இரண்டின் பெயர்களையும் எழுதுக. (3)
இ) 1, 4 ஆகிய அறைகளின் சுவர்த் தடிமன் வேறுபடுவதைப் படத்தில் காண்க. ஒவ்வொரு அறையும் இரத்தத்தை எங்கே அனுப்புகிறது என்பதைக் கொண்டு இவ்வேறுபாட்டுக்குக் காரணம் தருக. (2)
ஈ) (மேலே உள்ள துளைக் கேள்வி) (3)

படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தடிமன் வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வரைந்திருக்க வேண்டும். இடது வென்ட்ரிக்கிளின் சுவர் வலதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு தடிமன், ஆனால் நகலெடுத்த தாளில் இரண்டும் ஒரே கறுப்பாக வந்துவிடும். நகல் எடுத்த பிறகு ஒரு தாளைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். வேறுபாடு தெரியவில்லை என்றால் (இ) செத்துவிட்டது, அப்புறம் தேர்வு அறையில் போய் ஒவ்வொரு வகுப்பாக வாயால் சொல்ல வேண்டிவரும். அதோடு, படத்தில் அம்புக்குறி எதுவும் இருக்கக் கூடாது. பாடப்புத்தகப் படத்தில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் அம்புகள் இருந்தால் அழித்துவிட்டுத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் (ஆ)-வின் விடை படத்திலேயே இருக்கும்.

அறிகுறி: அரசுத் தேர்வு மாதிரிக்குச் சுருக்கும்போது கேள்வி உயிரிழக்கிறது

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அறிவியல் தாள் 75 மார்க், அதில் பெரிய கேள்விகள் தலா 7. மாதிரித் தேர்வுக்கு இந்தப் பத்தை ஏழாக்க வேண்டும் என்று வந்தபோது, பலரும் செய்வதைப்போல எனக்கும் கடைசி (ஈ)-யை வெட்டிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. சரியாக மூன்று மார்க், கணக்கும் உடனே பொருந்துகிறது. ஆனால் அதை வெட்டினால் மிச்சம் இருப்பதில் பெரும்பகுதி ஞாபகம்தான், மேலே சொன்ன கோளாறு முழுதாகத் திரும்பி வந்துவிடும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் குறைப்பதும் சரிவராது, மூன்று கருத்துக்கு இரண்டு மார்க் என்று ஆகி, 2-க்கும் 3-க்கும் நடந்த சண்டை மறுபடி தொடங்கும்.

நான் வெட்டியது (அ)-வை, முழுதாக. அறைகளின் பெயர் என்பது ஒரு மார்க் கேள்விகளில் கேட்கக்கூடியது, அந்தத் தாளில் அப்படி 12 கேள்விகளுக்கு இடம் இருக்கிறது. அப்புறம் (ஆ)-வில் திரும்பி வரும் குழாயின் பெயரை எடுத்துவிட்டு, வரிசைக்கு 1, நுரையீரலுக்குச் செல்லும் குழாய்க்கு 1 என்று இரண்டாக்கினேன். சிரையை எடுத்துத் தமனியை வைத்ததற்குக் காரணம், ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தைச் சுமக்கும் தமனி என்பதால் மாற்றி எழுதுகிறவர்கள் அங்கேயே வெளிப்பட்டுவிடுவார்கள். மீதி (இ) 2, (ஈ) 3. மொத்தம் 7, கருத்தும் 7. உட்பிரிவு ஒன்று போனதால் எழுத்துகளை அ, ஆ, இ என்று மாற்றியபோது விடைக்குறிப்பில் மாற்ற மறந்துவிட்டேன், அச்சுக்குப் போவதற்கு முதல் நாள் மாலைதான் கண்ணில் பட்டது. உட்பிரிவைச் சேர்த்தாலோ எடுத்தாலோ கேள்வியையும் கீ-யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தும் மார்க்கும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.